சி.எஸ்.வி. எதையும் தின்பதில்லை

"சி.எஸ்.வி.யில் சேமிக்காதே, தமிழ் போய்விடும்." பெயர்ப்பட்டியல் தட்டச்சு செய்யும் எந்த இடத்திலும் இந்த எச்சரிக்கையைக் கேட்கலாம். அதோடு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் ஒட்டிக்கொண்டு வரும்: எண்ணுக்கு முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போகும், தேதியும் மாதமும் இடம் மாறிவிடும். ஆகவே எல்லாவற்றையும் எக்செல் கோப்பாகவே வைத்துக்கொள், வேறு வழியில்லாமல் சி.எஸ்.வி. கொடுக்க வேண்டி வந்தால் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடு என்பது முடிவான அறிவுரை.

இந்த அறிவுரை தவறு. அதனால் நடக்கும் கேடும் சிறியதல்ல. தமிழில் ஒரே வடிவமுள்ள பெயர் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத்துக்கூட்டப்படுகிறது. ரேஷன் கார்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று ஆகி, இந்த மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஒரு மனிதர் அலைய வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பெயர் தமிழிலேயே கோப்பில் போயிருந்தால் இந்த அலைச்சல்களில் சிலவாவது இல்லாமல் போயிருக்கும். கோப்பு அதைத் தடுத்ததே இல்லை.

சி.எஸ்.வி. கோப்பு என்பது வெறும் எழுத்து. ஒரு வரிக்கு ஒரு பதிவு, நடுவில் காற்புள்ளி. 2005இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 4180 என்ற சிறிய ஆவணம் அதன் வழக்கத்தை எழுதி வைத்தது. அதில் எண் என்றோ, தேதி என்றோ, எழுத்து என்றோ வகைப் பிரிவு எதுவும் கிடையாது. `00417` என்று எழுதினால் அந்த ஐந்து குறிகளும் அப்படியே இருக்கும். அவற்றில் இரண்டைக் களையும் அறிவு அந்தக் கோப்புக்கு இல்லை. அறிவு இருப்பது அதைத் திறக்கும் மென்பொருளுக்கு. இழப்பு நேரும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, எக்செல் அந்தக் கோப்பைத் திறக்கும் கணம். மற்றொன்று, எக்செல் அதைச் சேமிக்கும் கணம். இரண்டு இடத்திலும் முடிவெடுப்பது எக்செல், அந்த முடிவை மாற்றும் வழி நம் கையில் இருக்கிறது.

முதலில் தமிழைப் பார்ப்போம். எக்செலின் Save As பட்டியலில் சி.எஸ்.வி. என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. `CSV (Comma delimited) (*.csv)` என்பது பழையது. அது விண்டோஸின் பழைய ஒற்றை பைட் குறியீட்டுப் பட்டியலில் எழுதும். நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 1252ஆம் பட்டியல். அதில் தமிழுக்கு இடமே இல்லை. விண்டோஸ் தமிழை ஆதரிக்கத் தொடங்கியபோதே யூனிகோடு வழியாகத்தான் ஆதரித்தது. தமிழுக்கென்று அப்படியொரு பழைய பட்டியல் அதில் இருந்ததில்லை. ஆகவே முத்துலட்சுமி என்ற பெயரை அந்த வகையில் சேமித்தால் கோப்பில் விழுவது இதுதான்:

```
?????????????
```

பதின்மூன்று கேள்விக்குறிகள். நம் கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் பெயர், யூனிகோடில் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனியாக எண்ணினால் பதின்மூன்று குறிகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாகிவிட்டது. இது மீளாத இழப்பு. எந்த எழுத்துருவைப் போட்டாலும், எந்த மாற்றியில் செலுத்தினாலும் பெயர் திரும்பாது.

அதே பட்டியலில் `CSV UTF-8 (Comma delimited) (*.csv)` என்ற வகையும் இருக்கிறது. எக்செல் 2016 காலத்தில் சேர்ந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் முத்துலட்சுமி முழுதாகப் போய்ச் சேருகிறாள். தமிழை அழித்தது சி.எஸ்.வி. என்றால் இந்தக் கோப்பும் சி.எஸ்.வி.தானே, இதில் எப்படித் தமிழ் பிழைத்தது? மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, அந்தத் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது.

எதிர்த்தரப்பு இங்கே ஒரு சான்றைக் காட்டும். "கூகுள் ஷீட்ஸிலிருந்து சி.எஸ்.வி.யாக இறக்கினேன், எக்செலில் திறந்தால் தமிழெல்லாம் குப்பையாக இருக்கிறதே" என்பார்கள். இருக்கும். `à®®à¯` என்பது போல, தலையில் கோடிட்ட ஒரு சிறிய ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆர் என்று வரிசை வரிசையாக வரும். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். தமிழ்ப் பகுதி முழுவதும் `E0 AE` அல்லது `E0 AF` என்றுதான் தொடங்கும். அந்த பைட்களை 1252ஆம் பட்டியலால் படித்தால் `à®`, `à¯` என்று தெரிகிறது. கூகுள் ஷீட்ஸ் கோப்பின் தலையில் `EF BB BF` என்ற மூன்று அடையாள பைட்களை வைப்பதில்லை. அவை இல்லாவிட்டால், இரட்டைச் சொடுக்கில் திறக்கும் எக்செல் அது யுடிஎஃப்-8 என்று ஊகிக்காமல் பழைய பட்டியலையே எடுத்துக்கொள்கிறது.

இந்த இரண்டு நோய்க்குறிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் "தமிழ் போய்விடும்" என்ற நம்பிக்கையின் வேர். கேள்விக்குறி வந்தால் எழுதும்போதே போய்விட்டது. `à®` வந்தால் எதுவும் போகவில்லை, படித்தவன்தான் தவறாகப் படிக்கிறான். கோப்பை எக்செலில் சேமிக்காமல் மூடிவிட்டு நோட்பேடில் திறந்தால் தமிழ் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் நோட்பேடின் கீழ்ப்பட்டையிலேயே `UTF-8`, `UTF-8 with BOM`, `ANSI` என்று எழுதியிருக்கும். பிஓஎம் என்பது மேலே சொன்ன அந்த அடையாள பைட்கள்தான். Save As போய் `UTF-8 with BOM` என்று மாற்றிச் சேமித்தால் அதன்பின் எக்செலும் சரியாகத் திறக்கும். எத்தனையோ பட்டியல்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே "கெட்டுப்போனது" என்று தூக்கி எறியப்பட்டு, மறுபடி தட்டச்சு செய்யப்படுகின்றன. உழைப்பை இப்படி வீணடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மூன்றாவது வகைக் குப்பையும் உண்டு. `jkpo;` என்று ஆங்கில எழுத்தில் வரும். அது பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்". அந்தத் தரவு எக்செலுக்குள் இருந்தபோதும் யூனிகோடு தமிழாக இருந்ததில்லை. ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் உருவம் போர்த்தியிருந்தது. சி.எஸ்.வி. எழுத்துருவைச் சுமப்பதில்லை, ஆகவே போர்வை விலகி உள்ளே இருந்தது தெரிகிறது. பாமினியில் "இ" என்ற எழுத்துக்கு உரிய விசை காற்புள்ளி. "இலங்கை" என்பது உள்ளே `,yq;if`. எக்செல் அதை மேற்கோள் குறிக்குள் வைத்துத்தான் எழுதும் என்றாலும், மேற்கோளைக் கவனிக்காமல் காற்புள்ளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டும் நிரலில் அந்த வரி ஒரு கட்டம் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

யுடிஎஃப்-8ஐக் கண்டுகொண்டவர்கள் அடுத்த தவறுக்குப் போகிறார்கள். "யுடிஎஃப்-8 என்று கொடுத்துச் சேமித்துவிட்டால் போதும்" என்பது அவர்களின் மந்திரம். போதாது. ஒரு கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அடையாள பைட்களோடு, சரியான யுடிஎஃப்-8இல் வந்திருக்கிறது:

```
எண்,பெயர்,வங்கிக் கணக்கு,பிறந்த தேதி
00417,முத்துலட்சுமி,6012345678901234,03-04-1928
```

இதை இரட்டைச் சொடுக்கில் திறக்கிறோம். பெயர் அழகாக வருகிறது. உறுப்பினர் எண் `417` ஆகிவிட்டது. கணக்கு எண் `6.01235E+15` என்று நிற்கிறது. வேறொரு வரியில் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, அதே யுடிஎஃப்-8 வகையில் சேமித்து மூடுகிறோம். இப்போது கோப்புக்குள் இருப்பது:

```
417,முத்துலட்சுமி,6.01235E+15,03-04-1928
```

தமிழ் பிழைத்தது. கணக்கு எண் செத்தது. மறுபடி திறந்தால் அதன் மதிப்பு `6012350000000000`தான். அப்படியொரு கணக்கு உலகில் இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறொருவருடையதாக இருக்கலாம்.

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் நடந்திருக்கின்றன. திறந்தபோது, எண்போலத் தெரிந்ததையெல்லாம் எக்செல் எண்ணாக்கியது. எண்ணுக்கு முன்பூஜ்ஜியம் கிடையாது. எக்செல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் துல்லியமும் வைத்துக்கொள்வதில்லை, ஆகவே பதினாறாவது இலக்கமான 4 அப்போதே பூஜ்ஜியமாகிவிட்டது. இது முதல் இழப்பு. சேமித்தபோது நடந்தது வேறு. சி.எஸ்.வி.யாக எழுதும்போது எக்செல் தன் உள்ளே வைத்திருக்கும் மதிப்பை எழுதுவதில்லை, திரையில் காட்டும் வடிவத்தை எழுதுகிறது. பொது வடிவத்தில் பன்னிரண்டு இலக்கமும் அதற்கு மேலும் உள்ள எண்கள் `E+` என்று சுருக்கித்தான் காட்டப்படும். அந்தச் சுருக்கமே கோப்பில் இறங்கியது. பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணுக்கு முதல் இழப்பு நேராது, எக்செல் அதை முழுதாக நினைவில் வைத்திருக்கும். ஆனாலும் இரண்டாவது இழப்பில் அது அழிந்துவிடும்.

திரையில் தெரிவதே கோப்பில் விழும் என்ற இந்த ஒரே விதியைத் தெரிந்துகொண்டால் தேதியின் புதிரும் அவிழ்கிறது. எக்செலுக்குள் தேதி என்பது நாள்களின் எண்ணிக்கை. 45000 என்றால் 2023 மார்ச் 15. திரையில் அதை எப்படிக் காட்டுகிறோமோ அப்படியே சி.எஸ்.வி.யில் போகும். `03-Apr` என்று காட்டினால் ஆண்டு போய்விட்டது. `03-04-28` என்று காட்டினால் நூற்றாண்டு போய்விட்டது. மறுபடி திறக்கும் எக்செல் 28ஐ 2028 என்று எடுத்துக்கொள்ளும், முத்துலட்சுமி இன்னும் பிறக்காதவளாகிவிடுவாள். முதியோர் பட்டியலில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தேதி வடிவங்களின் பட்டியலில் நட்சத்திரக் குறியோடு தொடங்கும் சில வடிவங்கள் உண்டு. அவை அந்தந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பின்பற்றுபவை. ஒரே எக்செல் கோப்பை இரண்டு கணினிகளில் சி.எஸ்.வி.யாக்கினால் இரண்டு விதமான தேதி வருவது அதனால்தான்.

திறக்கும் பக்கமும் அப்படியே. விண்டோஸை நிறுவியபோது வந்த அமெரிக்க அமைப்பை மாற்றாமல் விட்ட கணினியில் `03-04-1928` மார்ச் 4 ஆகிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. ஆனால் `25-04-1928` தேதியாகாது, ஏனென்றால் இருபத்தைந்தாவது மாதம் இல்லை. அது எழுத்தாகவே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தேதிப் பத்தியில் சில கட்டங்கள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றை நம்பாதீர்கள். அவற்றில் நாளும் மாதமும் மாறியிருக்கின்றன. இடப்பக்கம் நிற்பவைதான் கோப்பில் இருந்தபடியே இருப்பவை. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் தேதி மட்டும் தற்செயலாகத் தப்பும்.

"இதற்காகத்தானே எக்செல் கோப்பாகவே வை என்கிறோம்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவர்களின் வாதத்தில் வலுவான பகுதி இதுதான், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். எக்செல் கோப்பு கட்டத்தின் வகையையும் குறியீட்டையும் சேர்த்துச் சுமக்கிறது, உண்மை. ஆனால் கட்டத்துக்குள் விழும்போதே பூஜ்ஜியம் போய்விட்டால், அந்தப் பூஜ்ஜியமில்லாத எண்ணைத்தான் அது பத்திரமாகச் சுமக்கும். மரபணு ஆய்வில் நடந்ததைப் பாருங்கள். `SEPT2`, `MARCH1` என்ற மரபணுப் பெயர்களை எக்செல் செப்டம்பர், மார்ச் தேதிகளாக மாற்றிவந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. அவர்கள் சோதித்தவை எக்செல் கோப்புகள். எக்செல் கோப்பாக வைத்திருந்தது அந்தப் பெயர்களைக் காப்பாற்றவில்லை. கடைசியில் 2020இல் மரபணுப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து `SEPTIN2`, `MARCHF1` என்று பெயர்களை மாற்றியது.

பரவலாகச் சொல்லப்படும் கைவைத்தியங்களையும் விட்டுவைக்க முடியாது. எண்ணை மேற்கோள் குறிக்குள் வைத்து `"00417"` என்று எழுதினால் எழுத்தாக வரும் என்கிறார்கள். எக்செலில் வராது. அதற்கு மேற்கோள் என்பது காற்புள்ளியைக் காக்கும் வேலி மட்டுமே, உள்ளே இருப்பதை அது எண்ணாக்கியே தீரும். `="00417"` என்று எழுதினால் எக்செலில் பூஜ்ஜியம் நிற்கும், ஆனால் அந்தக் கோப்பு வேறெந்தத் தரவுத்தளத்துக்குப் போனாலும் சமக்குறியும் சேர்ந்தே போகும். பூஜ்ஜியம் போனபின் பத்தியை Text என்று மாற்றுவதும் வீண். போனது அதனால் திரும்பாது. நீளம் எல்லா வரியிலும் ஒன்றே என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மீட்கலாம்:

```
=TEXT(A2,"00000")
```

உறுப்பினர் எண் எப்போதும் ஐந்து இலக்கம் என்றால் இது சரி. எஸ்.டி.டி. குறியீட்டோடு கூடிய தொலைபேசி எண், பல வங்கிகளின் கணக்கு எண் என்று நீளம் மாறும் பத்தியில் இதைப் போட்டால் இல்லாத பூஜ்ஜியத்தை உண்டாக்கிவிடும்.

சரியான வழி நீளமானதல்ல. புதிதாகத் தட்டச்சு செய்யும்போது, உறுப்பினர் எண், கணக்கு, தொலைபேசி, ஆதார் ஆகிய பத்திகளை ஓர் எழுத்தும் அடிப்பதற்கு முன்பே Text ஆக்கிவிட வேண்டும். கூட்டிக் கழிக்காத எண் எதுவும் எண்ணல்ல, பெயர்தான். தேதிப் பத்தியைத் தேர்ந்து Ctrl+1 அழுத்தி, Custom என்ற இடத்தில் `yyyy-mm-dd` என்று கொடுக்க வேண்டும். முத்துலட்சுமியின் தேதி `1928-04-03` ஆகும். ஆண்டில் தொடங்கும் இந்த வரிசையை எக்செல் எந்த வட்டார அமைப்பிலும் ஒரே மாதிரிதான் படிக்கும். மூல எக்செல் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, `CSV UTF-8` வகையில் இன்னொரு பெயரில் சேமிக்க வேண்டும். திறந்திருக்கும் தாள் ஒன்று மட்டுமே போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிறகு அதை எக்செலில் திறந்து சரிபார்க்கவே கூடாது. நோட்பேடில் திறந்து, பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஒரு வரியையும், மிக நீளமான கணக்கு எண் உள்ள ஒரு வரியையும், நாள் பன்னிரண்டுக்குள் இருக்கும் ஒரு தேதியையும் பார்த்தால் போதும்.

வந்த கோப்பைத் திருத்த வேண்டும் என்றால் வெற்றுப் பணிப்புத்தகம் ஒன்றைத் திறந்து, Data பட்டியில் From Text/CSV வழியாக எடுக்க வேண்டும். வரும் சாளரத்தில் File Origin என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)`, Data Type Detection என்ற இடத்தில் `Do not detect data types`. எல்லாம் எழுத்தாகவே வரும். தலைப்பு வரியும் ஒரு சாதாரண வரியாகிவிடும் என்பதால் Transform Data போய் Use First Row as Headers கொடுப்போம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. வலப்பக்கப் படிகளின் பட்டியலில் Changed Type என்று ஒரு படி தானாகச் சேர்ந்திருந்தால், அது பூஜ்ஜியங்களை மறுபடி களைந்திருக்கும். அந்தப் படியை நீக்கிவிட்டுத்தான் தாளில் இறக்க வேண்டும். லிப்ரே ஆபிஸ் கால்க் இந்த விஷயத்தில் மேல். சி.எஸ்.வி.யைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குறியீடு என்ன, எந்தப் பத்தி எழுத்து, எந்தப் பத்தி தேதி, அது நாள்-மாதம்-ஆண்டு வரிசையா என்று கேட்டுவிட்டே திறக்கிறது. கேட்பதுதான் நேர்மை. கூகுள் ஷீட்ஸில் Import செய்யும்போது `Convert text to numbers, dates, and formulas` என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டே 2023இல் எக்செலின் Options, Data பகுதியில் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் வசதியை வைத்தது. முன்பூஜ்ஜியம், நீண்ட எண், தேதியாகும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. அவற்றின் குறியை எடுத்துவிடுங்கள். ஆனால் அது அந்தக் கணினிக்கு மட்டும் பொருந்தும் அமைப்பு, `03-04-1928` போன்ற எண்களாலான தேதியையும் அது தடுக்காது. கோப்பைப் பெறுபவரின் கணினியில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

சி.எஸ்.வி.க்கு உண்மையான குறை ஒன்று உண்டு. தான் எந்தக் குறியீட்டில் இருக்கிறோம், எந்தப் பத்தி எழுத்து என்பதை அது தானே சொல்லாது. அடையாள பைட்களிலும் சிக்கல் இருக்கிறது. அவற்றை எதிர்பார்க்காத சில நிரல்கள் முதல் தலைப்பின் ஆரம்பத்தில் `ï»¿` ஒட்டிக்கொண்டதாகக் கருதி, "முதல் பத்தியைக் காணோம்" என்று கோப்பைத் திருப்பி அனுப்பும். அப்போது நோட்பேடில் வெறும் `UTF-8` என்று மாற்றிச் சேமித்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டால் குறை தீர்ந்தது. பட்டியலைக் கேட்டு வாங்கும் அலுவலகங்கள் மாதிரிக் கோப்போடு நாலு வரி எழுதினால் போதும்: குறியீடு யுடிஎஃப்-8, அடையாள பைட்கள் வேண்டுமா வேண்டாமா, எழுத்தாக வைக்க வேண்டிய பத்திகள் இன்னின்ன, தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். அந்த நாலு வரியை எழுதாமல், "பெயரை ஆங்கிலத்தில் மட்டும் நிரப்பவும்" என்று அச்சடித்துக் கொடுக்கும் படிவத்தை ஏற்க மறுத்து, காரணத்தையும் எழுதிக் கேளுங்கள்.